யூனிஃபார்ம் ஒண்ணுதான்... மணிக்கட்டு மட்டும் வேற பேசுதே! - பள்ளிக்கூட வாசலில் ஒரு நிற அரசியல்

காலை எட்டேகால் மணி. நெல்லைப் பக்கம் ஏதாவது ஒரு டவுன் பஸ் ஸ்டாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது பசங்க நிற்கிறார்கள். எல்லோர் மேலும் ஒரே கலர் சட்டை, ஒரே கலர் பேன்ட். வெளியூரிலிருந்து போன நமக்கு அது 'ஸ்கூல் பசங்க கூட்டம்', அவ்வளவுதான். ஆனால், அதே ஊரில் படிக்கும் பையன் பஸ்ஸை விட்டு இறங்கிய அடுத்த நொடியே யார் எந்தத் தெரு, யார் பக்கத்தில் போய் நிற்கலாம், யாரைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வது நல்லது என்று படித்து முடித்திருப்பான். அவன் பார்த்தது முகத்தை அல்ல, மணிக்கட்டை!

அங்கே கட்டியிருக்கும் கலர் கயிறு ஐந்து ரூபாய்கூட இருக்காது. ஆனால், அந்தக் கயிறு பற்றி கலெக்டர் உத்தரவு வந்திருக்கிறது, கல்வித்துறை சுற்றறிக்கை வந்திருக்கிறது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அறிக்கையே எழுதியிருக்கிறார். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில், கயிறு கட்டுவது தொடர்பாக மாணவர்களுக்குள் மோதல் வந்தது. அதில் தாக்கப்பட்ட 12-ம் வகுப்பு மாணவர் மருத்துவமனையில் இறந்துபோனார். உடுத்தும் விஷயத்தில் 'சின்ன டீட்டெயில்' என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த கலர் எந்த சாதி என்ற பட்டியலை இங்கே போடப்போவதில்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும்தான். ஆனால், இதுவரை தெரியாத பத்துப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? தவிர, அந்தப் பட்டியல் நமக்குத் தேவையும் இல்லை. எந்த நிறம் என்பதைவிட, ஒரு நிறம் எப்படிப் பேச ஆரம்பிக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

சிவப்புக்கென்று சொந்தமாக ஓர் அர்த்தம் இருக்கிறதா? சிக்னலில் சிவப்பு என்றால் நில். கல்யாணக் கூரைப்புடவையில் சிவப்பு என்றால் மங்கலம். கொடியில் சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட். சுவிஸ் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூர் நூறு வருடங்களுக்கு முன்பே மொழியைப் பற்றி இதைத்தான் சொன்னார். ஒரு குறியீட்டின் அர்த்தம் அதற்குள்ளே இல்லை. பக்கத்தில் இருக்கும் மற்ற குறியீடுகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதில்தான் இருக்கிறது. பச்சையும் மஞ்சளும் இல்லாமல் சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் அது சிக்னல் இல்லை; வெறும் லைட்.

இதை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. சீருடை பரவலானது அந்தக் காலத்தில்தான். பண்ணையார் வீட்டுப் பையனும் பண்ணையாள் வீட்டுப் பையனும் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும்போது, துணியைப் பார்த்து யார் யாரென்று தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். இன்று சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வருடத்துக்கு நான்கு செட் இலவசச் சீருடை கிடைக்கிறது. விசைத்தறியில் நெய்த துணி, பெண்கள் தையல் கூட்டுறவு சங்கங்களில் தைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால், சீருடை செய்யும் வேலைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எல்லா வேறுபாட்டையும் துடைத்துவிட்டால், மிச்சம் இருக்கும் துக்கடா வேறுபாடு ஒன்று ராட்சச சைஸில் தெரிய ஆரம்பித்துவிடும். கலர் டிரெஸ் போட்டுவரும் காலேஜில் ஒருவன் கையில் பச்சைக் கயிறு கட்டியிருந்தால் யார் கவனிப்பார்கள்? முந்நூறு பேர் ஒரே சட்டையில் நிற்கும் பிரேயரில் அதே கயிறு கொடி மாதிரி தெரியும். சீருடை என்ற வெள்ளைக் காகிதம் இருப்பதால்தான் கயிறு என்ற எழுத்தைப் படிக்க முடிகிறது.

மாற்றிக் கட்டிப் பார்த்தால் தெரியும்

அப்படியென்றால் ஸ்கூல் பையன் செய்யும் எல்லா 'ஸ்டைலும்' ஆபத்தா? இல்லை. இதைப் பிரித்துப் பார்க்க, ஃபேஷனை ஆராய்பவர்கள் மொழியியலிலிருந்து கடன் வாங்கிய எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1967-ல் ஃபேஷன் பற்றி எழுதிய புத்தகத்தில் பயன்படுத்திய முறை இதுதான். உடையில் ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்று; மற்ற எல்லாவற்றையும் அப்படியே விடு. பார்ப்பவர்களுக்கு அர்த்தம் மாறுகிறதா என்று கவனி. மாறினால் அந்த அம்சம் ஒரு குறியீடு. மாறாவிட்டால் அது வெறும் துணி.

பத்தாவது படிக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். மேலிருந்து கீழே வருவோம்.

தலை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே மட்டும் புதராக விட்ட கட்டிங். இதைச் சாதாரண 'சம்மர் கட்'டாக மாற்றினால் என்ன ஆகும்? 'டேய், என்னடா பழம் மாதிரி ஆகிட்ட' என்று நண்பர்கள் ஓட்டுவார்கள். அர்த்தம் மாறுகிறது, ஆனால் மாறியது 'கெத்து' மட்டும்தான். இந்த கட்டிங்கை எந்தத் தெருப் பையனும் பண்ணிக்கொள்ளலாம், சலூன்காரர் யாரென்று கேட்கப்போவதில்லை.

சட்டை. கொஞ்சம் உயரம் குறைத்து, இடுப்பில் பிடித்துத் தைத்தது. இன் பண்ணச் சொல்லி பி.டி சார் கத்தும் வரை வெளியேதான் தொங்கும். இலவசச் சீருடை அளவெடுத்துத் தைத்தாலும் சில மாதங்களில் பையன் வளர்ந்துவிடுவான். அல்லது வளரட்டும் என்று ஆரம்பத்திலேயே தொளதொளவென்று இருக்கும். அதைத் தையல்காரரிடம் கொடுத்து ஆல்டர் பண்ண வீட்டில் காசு கொடுத்தார்களா, இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் வசதி என்றால், கடையில் தனியாகத் துணி எடுத்துத் தைத்திருப்பான். கலர் அதேதான். ஆனால் பத்து தடவை துவைத்த பிறகும் வெளுக்காமல் கிண்ணென்று நிற்கும். பணம் இங்கே துணியின் தரத்தில் பேசுகிறது. சீருடையால் அதை முழுசாக மறைக்க முடிந்ததே இல்லை.

பேன்ட். கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும் 'பென்சில் ஃபிட்'. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தினசரி நடக்கும் சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான். நார்மல் பேன்ட்டாக மாற்றினால்? ஒரு ஜூனியர் லுக் வந்துவிடும். சீனியாரிட்டி, சினிமா, இன்ஸ்டா - மூன்றும் கலந்த மொழி இது. எரிச்சலூட்டலாம், ஆபத்தானது இல்லை.

இப்போது மணிக்கட்டுக்கு வருவோம். கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கண் திருஷ்டிக்காக அம்மா கட்டிவிட்டது. ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் கட்டுகிறார்கள். அதை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு கலரைக் கட்டுவோம். தலை அதே தலை, சட்டை அதே சட்டை. ஆனால் நேற்று வரை மதியச் சாப்பாட்டுக்கு அவனோடு உட்கார்ந்தவர்களில் சிலர் இன்று எழுந்துபோகிறார்கள். பஸ்ஸில் பின்சீட்டில் இடம் கிடைக்கிறது; அல்லது கிடைக்காமல் போகிறது. ஒரே ஒரு நூல்தான் மாறியது, பையனைச் சுற்றியிருக்கும் மொத்த உலகமும் மாறிவிட்டது.

இந்தச் சோதனையில் இன்னொரு படி இருக்கிறது. பார்த் சொன்னது இல்லை, இது என் சொந்தச் சேர்க்கை. அந்தக் கயிற்றை 'வெளி ஆள்' ஒருவன் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? பென்சில் ஃபிட் பேன்ட்டை யார் போட்டாலும் 'நீயும் நம்ம செட்டா' என்பார்கள். இந்தக் கயிற்றை வேறு தெருப் பையன் கட்டினால், 'உனக்கு எதுக்குடா இது' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் அடி வரலாம். யார் வேண்டுமானாலும் உள்ளே வர முடிந்தால் அது ஃபேஷன். பிறந்தவர்கள் மட்டும்தான் என்றால் அது வேலி. வகுப்பறையில் இரண்டையும் ஒரே 'ஒழுங்கீனம்' என்ற பெட்டியில் போட்டு, முடி வெட்டச் சொல்வதிலேயே பாதி நேரத்தைச் செலவழிக்கிறோம்.

'சாமி கயிறு சார்!'

சரி, வேலி என்று தெரிகிறது. தடை போட்டு முடித்துவிடலாமே? போட்டார்கள். 2015-லேயே நெல்லை மாவட்ட நிர்வாகம் பள்ளிகளில் கலர் கயிறுகளுக்குத் தடை விதித்தது. 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனக் கயிறு கட்டி சாதியை அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள், அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுங்கள் என்றது. பயிற்சி ஐ.ஏ.எஸ் அதிகாரிகள் சிலர் நேரில் பார்த்துச் சொன்ன தகவலை வைத்து எழுதப்பட்ட சுற்றறிக்கை அது. வெளியே தெரிந்ததும் 'கயிறும் திலகமும் மத நம்பிக்கை, அதில் எப்படிக் கைவைக்கலாம்' என்று பா.ஜ.க தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், ஏற்கெனவே இருக்கும் நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். சுற்றறிக்கையின் கதை அதோடு முடிந்தது.

இங்கேதான் இந்தக் குறியீட்டின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கோயிலில் கட்டிவிடும் கயிறும் இதே மஞ்சள், சிவப்பில்தான் வருகிறது. காப்புக் கட்டுவது நம் ஊர்த் திருவிழாக்களில் ஊறிப்போன பழக்கம். அதனால் ஆசிரியர் கேட்டால் 'சாமி கயிறு சார்' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் பல நேரம் உண்மையாகவும் இருக்கிறது, அதுதான் சிக்கலே. சக மாணவனுக்கு ஒரு வாசிப்பு, ஆசிரியருக்கு இன்னொரு வாசிப்பு. யூனிஃபார்ம் மேல் சாதிப் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் ஒரே நாளில் டி.சி கொடுத்துவிடலாம். கயிற்றுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

இந்த இரட்டை வாசிப்பை உடைக்க ஓர் ஆசிரியர் கவனிக்கக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. சாமி கயிறு திருவிழா, விரத நாள்களை ஒட்டி வரும். பிறகு நைந்து அறுந்துபோகும். அடையாளக் கயிறு கல்வியாண்டு தொடங்கியதும் ஒரே வாரத்தில் பல கைகளில் புதிதாக முளைக்கும், பழசானால் உடனே மாற்றப்படும். முதலாவது வெவ்வேறு தெருப் பிள்ளைகளிடம் கலந்து தெரியும். இரண்டாவதை மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அச்சு அசலாகப் பொருந்தும். ஒரு கையை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பது கைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் வாக்கியம் வரும்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளியில் தனக்கு நடந்த சாதியத் துன்புறுத்தலைப் பற்றிப் புகார் சொன்ன பட்டியல் சாதி மாணவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றுக்குத் தடை என்ற பரிந்துரை இருந்தது. சாதியைக் காட்டும்படி பெயின்ட் அடித்த சைக்கிளைக் கொண்டுவரக் கூடாது என்பதும் இருந்தது. உடனே டி.வி விவாதங்கள் எல்லாம் 'திலகத்துக்குத் தடையா' என்ற ஒரே கேள்வியில் போய் நின்றன. அதே அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைப்பது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராக வைக்காமலிருப்பது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி முன்னொட்டுகளை நீக்குவது போன்றவையும் இருந்தன. அவற்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

சைக்கிள் என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? மணிக்கட்டில் தடை வந்தால் நிறம் சைக்கிளின் ஹேண்டில்பாருக்குப் போகிறது. அங்கேயும் தடை வந்தால், கழுத்தில் ஒரு டாலருக்குப் போகும். குறியீட்டைத் தடை செய்வது தண்ணீர்ப் பையை அமுக்குவது மாதிரி. எனக்குத் தடையில் எதிர்ப்பு இல்லை. காலை பிரேயரில் ஒரு பையன் பயமில்லாமல் நிற்க அது உதவும் என்றால் போட வேண்டியதுதான். ஆனால், தடை ஒரு பொருளைப் பிடிக்கிறது. நிறமோ பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

கட்ட வைத்த காலம், கட்டிக்கொண்ட காலம்

இந்த வட்டாரத்துக்கு உடுப்புச் சண்டை புதுசு இல்லை. நாங்குநேரியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் கன்னியாகுமரி மாவட்டம். 19-ம் நூற்றாண்டில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நாடார் பெண்கள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைத்து மேல்துணி போடக் கூடாது என்று இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். பல வருடங்கள், பல கலவரங்கள். மேல்துணி போட்ட பெண்களின் சீலைகள் சந்தையில் வைத்தே கிழிக்கப்பட்டன. கடைசியில் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேல்துணிக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால், அந்த அறிவிப்பின் வாசகம்தான் கவனிக்க வேண்டியது. கிறிஸ்தவப் பெண்கள் மாதிரி குப்பாயம் போடலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் அணிவது போல மட்டும் அணியக் கூடாது! உடலை மறைப்பதா, வேண்டாமா என்பது அவர்களுக்குப் பிரச்னையாகவே இல்லை. பார்த்தவுடன் வித்தியாசம் தெரிய வேண்டும். துணியின் தரத்திலோ, சுற்றும் விதத்திலோ, வெட்டிலோ ஏதோ ஒன்றில் கீழே இருப்பவர் கீழே என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே சொன்ன 'மாற்றிப் பார்க்கும் சோதனை'யை அன்றைய அரசாங்கம் எந்தப் புத்தகமும் படிக்காமலேயே கரைத்துக் குடித்திருந்தது. தோளில் போட வேண்டிய துண்டை இடுப்பில் கட்டு, கக்கத்தில் வை என்று ஊர்களில் சொன்னதும் இதே இலக்கணம்தான்.

அன்றைக்கு மேலே இருந்தவர்கள் குறியீட்டைத் திணித்தார்கள். கீழே இருந்தவர்கள் அதைக் கழற்றப் போராடினார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் குறியீட்டைத் தானாகவே வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள், எல்லாத் தரப்பிலும். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எல்லாக் கயிறும் ஒரே குரலில் பேசுவதில்லை. தாத்தா துண்டைத் தோளில் போட முடியாத தெருவிலிருந்து வரும் பையன் ஒரு கலர் கட்டும்போது, 'நானும் இருக்கேன், தனியா இல்லை' என்று சொல்கிறான். அம்பேத்கரின் நீல கோட்டுக்கு இருக்கும் அர்த்தத்துக்கும் அதற்கும் உறவு உண்டு. பதில் கயிறு அது. எதிரில் ஒரு கயிறு இல்லாவிட்டால் அவனுக்கு இது தேவைப்பட்டிருக்காது. ஆதிக்கத்தில் இருக்கும் தரப்புக்கோ உண்மையில் கயிறே வேண்டாம். ஊர்ப் பெயரும், இறங்கும் பஸ் ஸ்டாப்பும், அப்பா பெயரும் அந்த வேலையைப் பார்த்துவிடும்.

ஆனால் சசூர் சொன்ன கணக்கு இங்கே கொடூரமாக வேலை செய்கிறது. பதில் கயிறு வந்த பிறகு, முதல் கயிற்றின் குரல் இன்னும் கூடுகிறது. இரண்டு கலர் வந்துவிட்டால், எதுவும் கட்டாத வெறும் கைக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். 'இவன் யார் பக்கம்?' எதிலும் சேராமல் படித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் பையனுக்கு இடமே இல்லாமல் போகிறது. அவனும் ஏதாவது ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். கயிறு கட்டுபவர்களில் எத்தனை பேர் பெருமைக்காகக் கட்டுகிறார்கள், எத்தனை பேர் பயத்துக்காகக் கட்டுகிறார்கள் என்று கையைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இப்போது போனை எடுங்கள். இந்தப் பசங்க வைத்திருக்கும் இன்ஸ்டா அக்கவுன்ட் சிலவற்றைப் பார்த்தால், பயோவில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஹார்ட் இமோஜி இருக்கும். ஒன்று ஒரு கலர், இன்னொன்று வேறு கலர். நமக்கு அது லவ். ரீல்ஸில் ஓடும் பாட்டும், பின்னால் பறக்கும் கொடியும் தெரிந்தவனுக்கு அது ஊர், தெரு, தலைவர் எல்லாம். பிரேயரில் கயிற்றை அறுத்து எடுத்துவிடலாம். காலை எட்டேகாலுக்கு அதே பஸ் ஸ்டாப்பில், வெறும் மணிக்கட்டோடு நிற்கும் அந்தப் பையன்கள் ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டிருப்பது அந்த இரண்டு ஹார்ட்டைத்தான்.